வெண்மதியின் தூக்கிய கை

நான் கோபக்காரன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பஞ்சநாதம் சாரைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வார். அவர் கணக்கு வாத்தியார். எதைச் சொன்னாலும் நிரூபித்துவிட்டதுபோலச் சொல்வார், கேட்கிறவர்களும் நம்பிவிடுவார்கள்.

என் பெயர் சார்லஸ். சிதம்பரத்தில் ஓர் உதவி பெறும் மேல்நிலைப் பள்ளியில் பி.டி. மாஸ்டர். வீடு கடலூர் முதுநகரில். தினமும் காலை ஆறரை மணி பஸ்ஸில் ஏறி, சிப்காட் ரசாயன ஆலைகளைத் தாண்டும்வரை மூக்கைப் பொத்திக்கொண்டு, அப்புறம் கொஞ்சம் தூங்கி, சிதம்பரத்தில் இறங்குவேன். பள்ளியில் நான்கு ஹவுஸ்: குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல். கடற்கரை ஊர்க்காரன் என்பதால் நெய்தலை என் தலையில் கட்டினார்கள். கீழ வீதியில் குடியிருக்கும் பஞ்சநாதம் சாருக்கு மருதம். மழையோ வெயிலோ, கையில் ஒரு கறுப்புக் குடை இல்லாமல் அவரைப் பார்க்க முடியாது.

2008 ஃபுட்பால் ஃபைனல், நெய்தலுக்கும் மருதத்துக்கும். நான்தான் ரெஃப்ரி. நெய்தலுக்கு ஹவுஸ் மாஸ்டரும் நான்தான். அது தப்பு என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். வேறு யார் ஊதுவது? அந்தப் பள்ளியில் ஃபுட்பால் விதி தெரிந்த வாத்தியார் நான் ஒருத்தன்தான். கடைசி ஐந்து நிமிஷம் இருக்கும்போது எங்கள் பையனை மருதம் பையன் அவர்கள் கோலுக்கு முன்னால் உள்ள பெனால்டி பெட்டிக்குள் இடறி விழ வைத்தான். சுத்தமான பெனால்டி. கர்த்தர் மேல் ஆணையாகச் சொல்கிறேன், சுத்தமான பெனால்டி. நான் பெனால்டி அடிக்கிற ஸ்பாட்டைக் காட்டினேன். பஞ்சநாதம் சார் விறுவிறு என்று மைதானத்துக்குள் வந்து, அந்த ஸ்பாட்டிலேயே குடையைக் குத்தி நிறுத்தி, பக்கத்தில் நின்றுகொண்டார்.

"குடைய எடுங்க சார்," என்றேன்.

"நீ விசில எடு, நான் குடைய எடுக்கறேன்," என்றார்.

அதன்பிறகு நான் பேசியதை ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு மாதம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். ஆட்டம் பாதியில் நின்றது. பள்ளி வழக்கப்படி ஃபைனலில் முடிவு வரவில்லை என்றாலும், டிரா ஆனாலும், கேடயம் முந்தின வருஷம் ஜெயித்தவர்களிடமே இருக்கும். முந்தின வருஷம் ஜெயித்தது மருதம். அதற்கு முந்தின வருஷமும் மருதம். நெய்தல் அந்தக் கேடயத்தை ஒருமுறைகூடத் தொட்டதில்லை, துடைப்பதற்குக்கூட.

மறு வருஷம் ஜூன் மாதம் ஹெட்மாஸ்டர் தட்சிணாமூர்த்தி எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார்.

"ஹவுஸ் மேட்ச்சுல ஃபுட்பால எடுத்துடலாம்னு இருக்கேன். கோகோ வெச்சுக்கலாம். கோகோவுல யாரும் குடைய நடல," என்றார்.

 யோசிக்காமல் வாயில் வந்ததைச் சொன்னேன். "சார், பசங்களே ஊதட்டும். நான் ட்ரெயினிங் குடுக்கறேன். எந்த ஹவுஸ் ஆடுதோ அந்த ஹவுஸ் புள்ளைங்க ஊதக் கூடாது. வாத்தியாருங்க யாரும் விசில் பக்கமே போகக் கூடாது."

ஹெட்மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒரு வருஷம் பாப்போம். ஃபைனல்ல வாத்தியாருங்க சண்டைன்னு ஒண்ணு வந்துச்சு, விசில எல்லாம் வாங்கி பீரோல வெச்சுப் பூட்டிருவேன். அப்பறம் கோகோதான்."

நோட்டீஸ் போர்டில் போட்டேன். எட்டுப் பேர் வந்தார்கள். ஏழு பையன்கள், ஒரு பெண். பதினொன்றாம் வகுப்பு வெண்மதி, முல்லை ஹவுஸ், கீரப்பாளையத்திலிருந்து வருகிறவள். இவள் இரண்டு வருஷமாக என்னிடம் பெண்களுக்கு ஃபுட்பால் டீம் வேண்டும் என்று நச்சரித்தவள். ஆள் சேர்க்கச் சொன்னேன், ஆறு பேரைச் சேர்த்தாள். அதில் நான்கு பேர் ஸ்கிப்பிங் கயிறு தருவார்கள் என்று நினைத்து வந்தவர்கள்.

"உனக்கு என்னத்துக்கும்மா இது? ரெஃப்ரின்னா திட்டுதான் வாங்கணும்," என்றேன்.

"சார், வெளையாடத்தான் பதினோரு பேர் வேணும். விசில் ஊத நான் ஒருத்தி போதும்ல?"

 சேர்த்துக்கொண்டேன். அவளுக்கு அந்த மைதானத்துக்குள் கால் வைக்க வேறு வழி இல்லை என்பது எனக்குத் தெரியும். விசில் பீரோவுக்குப் போனால் மற்ற ஏழு பேரும் பந்தை உதைக்கப் போய்விடுவார்கள். இவள் மறுபடி வேலியோரம் நிற்க வேண்டியதுதான்.

பள்ளி விட்டபின் தினம் முக்கால் மணி நேரம் வகுப்பு. முதல் நாளே எனக்குத் தலை சுற்றியது. விசிலை ஊதச் சொன்னால் ஒருத்தன் பாலை ஆற்றுகிறவன்போல ஊதினான். இன்னொருத்தன் ஊதிவிட்டு, தப்பு செய்தவன் மாதிரி நாக்கைக் கடித்துக்கொண்டான். வெண்மதி மட்டும்தான் ஊதினாள், பக்கத்துத் தெரு நாய் எழுந்து ஓடியது. ஆனால் ஃப்ரீ கிக்குக்கு நிறுத்தும்போது ஒரு விசில், மறுபடி தொடங்கும்போது இரண்டு விசில்.

"அது என்ன ரெண்டு?"

"ரைட் ரைட் சார்."

அப்புறம்தான் தெரிந்தது. அவள் அப்பா டவுன் பஸ் கண்டக்டர். பிறந்ததிலிருந்து வீட்டில் விசில் கிடந்திருக்கிறது. அந்த இரண்டாவது விசிலை மறக்கடிக்க எனக்கு ஒரு வாரம் ஆனது.

ஃபவுல்களை நான் புத்தகத்தில் இருக்கிற மாதிரி சொல்லவில்லை. சொன்னால் ஒரு காதில் வாங்கி இன்னொரு காதில் விட்டுவிடுவார்கள். சத்துணவு வரிசையை வைத்துச் சொன்னேன். முன்னாடி நிற்கிறவனைத் தள்ளினால் புஷ்ஷிங். சட்டையைப் பிடித்து இழுத்தால் ஹோல்டிங். கால் விட்டு விழ வைத்தால் டிரிப்பிங். இதற்கெல்லாம் டைரக்ட் ஃப்ரீ கிக். கையை நேராக நீட்டி, எந்தப் பக்கம் அடிக்க வேண்டுமோ அந்தப் பக்கம் காட்ட வேண்டும். அடிப்பவன் நேராகக் கோலுக்குள் அடிக்கலாம். அதே ஃபவுலைத் தன் பெட்டிக்குள் செய்தால் பெனால்டி. கவனமில்லாமல் செய்தால் ஃபவுல் மட்டும். எதிராளிக்கு என்ன ஆனால் எனக்கென்ன என்று செய்தால் மஞ்சள் கார்டு. வெறி பிடித்துச் செய்தால் சிவப்பு.

கார்டு வாங்க ஹெட்மாஸ்டர் காசு தரவில்லை. என் மச்சான் கல்யாணப் பத்திரிகை நல்ல மஞ்சளில் இருந்தது. அதை வெட்டி லேமினேஷன் போட்டேன். ஒரு பக்கம் வெறும் மஞ்சள், மறு பக்கம் 'தங்கள் வரவை அன்புடன் எதிர்நோக்கும்' என்று அச்சு. லீக் மேட்ச்சில் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருத்தன் பன்னிரண்டாம் வகுப்புக்காரனுக்கு அதைத் திருப்பிக் காட்டிவிட்டான். காட்டிவிட்டு, "அண்ணா, கோச்சுக்காதீங்கண்ணா," என்றான். அந்த அண்ணன் படித்துப் பார்த்துவிட்டு, "எந்த மண்டபம்டா?" என்று கேட்டான்.

அட்வான்டேஜ் சிக்னல் இன்னொரு கூத்து. ஃபவுல் நடந்தாலும் பந்து அடிபட்டவன் பக்கமே நல்லபடியாகப் போனால் நிறுத்தக் கூடாது, இரண்டு கையையும் முன்னால் நீட்டி ஆட்டத்தை ஓட விட வேண்டும். என் பிள்ளைகள் அதைச் செய்தால், பந்திக்கு வாங்க, உட்காருங்க என்று கூப்பிடுவதுபோல இருந்தது. குனிந்து வேறு செய்தார்கள். "சனியனே, நிமிந்து காட்டுடா!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். அதைத்தான் பஞ்சநாதம் சார் கோபம் என்கிறார்.

இதெல்லாவற்றையும்விட என் உயிரை எடுத்தது இன்டைரக்ட் ஃப்ரீ கிக். தன் ஆளே காலால் வேண்டுமென்று அனுப்பின பந்தைக் கோல்கீப்பர் கையால் எடுத்தால் எதிர்ப்பக்கத்துக்கு இது கிடைக்கும். இதில் அடிக்கிறவன் நேராகக் கோலுக்குள் அடித்தால் கோல் கிடையாது, கோல் கிக், அதாவது தடுக்கிற பக்கம் தன் கோலுக்கு முன்னாலிருந்து பந்தை அடித்து ஆட்டத்தைத் தொடரும். நடுவில் இன்னொரு ஆள் மேல் பட்டுப் போனால்தான் கோல். அதைச் சொல்லத்தான் ரெஃப்ரி ஒரு கையைத் தலைக்கு மேல் நேராகத் தூக்கி நிற்பார். கிக் அடித்து, பந்து இன்னொருவர் மேல் படும்வரை, அல்லது வெளியே போகும்வரை கை இறங்கக் கூடாது.

என் பிள்ளைகளுக்குக் கை இறங்கியது. பன்னிரண்டு வருஷம் பள்ளியில் என்ன பழக்கியிருக்கிறோம்? ஏதாவது வேண்டுமென்றால் கையைத் தூக்கு, வாத்தியார் உன்னைப் பார்த்ததும் இறக்கு. அந்தப் பழக்கம் ரத்தத்தில் ஊறிவிட்டது. கையைத் தூக்குவான், நான் திரும்பிப் பார்ப்பேன், உடனே இறக்கிவிட்டு, "சார்?" என்பான். ஒருத்தன், "ஒண்ணுக்குப் போலாமா சார்?" என்றே கேட்டுவிட்டான்.

வெண்மதியும் அப்படித்தான். கடைசியில் நான் அவளுக்கு ஒன்று சொன்னேன்.

"ஏம்மா, கீரப்பாளையம் பஸ்ல நின்னுகிட்டு வர்ற. மேல கம்பிய புடிச்சிருக்க. ஓட்டுறவரு பிரேக் போட்டா விடுவியா?"

"விட்டா விழுந்துருவேன் சார்."

"அவ்ளோதான். அங்க ஒரு கம்பி இருக்கு. யாரு என்ன சொன்னாலும் விடாத."

அதன்பிறகு அவள் கை இறங்கவில்லை. நானே ஆடிப்போகிற அளவுக்கு நின்றது. வகுப்பில் நான் சொன்னது ஒவ்வொன்றையும் அவள் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதினாள். போகிற போக்கில் சொன்னதைக்கூட எழுதினாள். கோல்கீப்பர் நடேஷும் எழுதினான். அவன் மருதம் ஹவுஸ், அதனால் மற்ற ஹவுஸ் மேட்ச்சுக்கு ஊதப் பழகினான். என் நெய்தலிலிருந்து யாரும் வரவில்லை. எங்கள் ஸ்டிரைக்கர் சேரனைக் கூப்பிடலாமா என்று நினைத்தேன். அவன் கோல் அடிக்கப் பழகட்டும், சட்டம் படித்து என்ன செய்யப் போகிறான் என்று விட்டுவிட்டேன்.

லீக் ஆட்டங்கள் ஒரு சண்டையும் இல்லாமல் முடிந்தன. ஃபைனல் ஆகஸ்ட் கடைசி வெள்ளிக்கிழமை. மறுபடி நெய்தலும் மருதமும். ரெஃப்ரி முல்லை ஹவுஸ் வெண்மதி, கொடி பிடிக்கக் குறிஞ்சியிலிருந்து இரண்டு பையன்கள். அவளுக்கு என் பழைய கறுப்பு ஜெர்சியைக் கொடுத்தேன், டிராக் பேன்ட்டுக்கு மேல் முட்டி வரை தொங்கியது. மேடையில் சாமியானா, ஹெட்மாஸ்டர், மைக். ஹெட்மாஸ்டருக்கு மைக் கிடைத்தால் போதும், சோறு தண்ணி வேண்டாம். 'பிள்ளைகள் வரிசையாக உட்காரவும்', 'யார் அங்கே மரத்தில்', 'தண்ணீர்க் குழாயை மூடவும்' என்று ஆட்டம் முழுக்க அவர் குரல்தான்.

நான் நெய்தல் பக்கக் கோட்டுக்கு வெளியே. பஞ்சநாதம் சார் எதிர்ப்பக்கம், குடையோடு. ஆட்டத்துக்கு முன்னால் வெண்மதி எங்கள் இருவரிடமும் வந்தாள்.

"சார், கோட்டுக்கு இந்தாண்ட வராதீங்க," என்றாள்.

"எனக்கே சொல்றியா?" என்று சிரித்தேன்.

"நீங்கதான் சார் எல்லாருக்கும் சொல்லணும்னீங்க."

ஊதினாள் பாருங்கள், அடடா! டிரிப்பிங்கா, கை நேராக நீண்டது. ஹேண்ட்பாலா, தெரியாமல் பட்டதென்றால் விட்டாள், வேண்டுமென்று தொட்டதென்றால் ஊதினாள். சேரனை ஒருத்தன் சட்டையைப் பிடித்தபோது அட்வான்டேஜ் கொடுத்து ஓட விட்டாள், நிமிர்ந்துதான் காட்டினாள்.  இவளை நான் உருவாக்கினேன் என்று பக்கத்தில் நின்ற தமிழ் டீச்சரிடம் மூன்று தடவை சொன்னேன். இரண்டாவது பாதியில் எங்கள் பையனுக்கே மஞ்சள் காட்டினாள். அப்போது மட்டும் நான் எதுவும் சொல்லவில்லை.

கோல் விழவில்லை. பூஜ்யம் பூஜ்யம். இப்படியே முடிந்தால் கேடயம் மருதத்துக்கே. என் கடிகாரத்தில் இரண்டு நிமிஷம் இருந்தது. அப்போது மருதத்தின் தடுப்பாட்டக்காரன் ஒருத்தன், சேரன் துரத்தி வருகிறான் என்ற பயத்தில், பந்தைக் காலால் தன் கோல்கீப்பர் நடேஷுக்குத் தட்டினான். நடேஷ், வகுப்பில் அத்தனையும் எழுதியவன், அந்தப் பதற்றத்தில் குனிந்து கையால் அள்ளிவிட்டான். அள்ளின கணமே அவன் முகம் போன போக்கை நான் பார்த்தேன்.

விசில். வெண்மதியின் கை தலைக்கு மேல் போனது. பெனால்டி ஸ்பாட்டுக்குக் கொஞ்சம் பக்கத்தில் பந்தை வைத்தாள். மருதம் மொத்தமும் கோல் கோட்டின் மேல் வரிசையாக நின்றது. சேரன் பந்துக்குப் பின்னால் நாலு அடி போனான். மைதானம் மூச்சுவிடவில்லை.

அந்த அமைதியில் மைக் கரகரத்தது.

"வெண்மதி! என்னம்மா வேணும்? என்னத்துக்கு அவ்ளோ நேரமா கைய தூக்கிட்டு நிக்கற? பாத்துட்டேன், பாத்துட்டேன். கைய எறக்கும்மா, வந்து சொல்லு!"

கம்பியைப் பிடித்த கைதான். ஆனால் சொன்னது ஹெட்மாஸ்டர், அதுவும் மைக்கில். அவள் மேடையைப் பார்த்தாள். கை இறங்கிவிட்டது. அதே நேரம் சேரன் ஓடி வந்து அடித்தான். பந்து எல்லார் தலைக்கும் மேலே போய், மேல் மூலையில் நுழைந்தது. நடேஷ் பாய்ந்தான், விரல்கூடப் படவில்லை. வலை குலுங்கியது.

கோல்! நெய்தல் கோல்! பிள்ளைகள் என்னைத் தூக்கினார்கள். கேடயத்தை எங்கே மாட்டலாம் என்றுகூட யோசித்துவிட்டேன். கீழே இறங்கும்போதுதான் பார்த்தேன். எதிர்ப்பக்கத்திலிருந்து குடை வந்துகொண்டிருந்தது.

"இன்டைரக்ட்! நேரா போனா கோல் இல்ல! கோல் கிக்!" என்று பஞ்சநாதம் சார் குடையால் கோலைக் காட்டியபடி பெட்டிக்குள் போனார். நடேஷ் சொல்லிக் கொடுத்திருப்பான்.

என் கால்கள் என்னைக் கேட்கவில்லை. கோட்டைத் தாண்டி நானும் உள்ளே போய்விட்டேன். "கை எங்கய்யா இருந்துச்சு? கைதான் எறங்கிடுச்சே! கை இல்லன்னா டைரக்ட்! கோல், கோல்தான்!"

"கை எறங்குனதாலதான் சார் நான் டைவ் அடிச்சேன்," என்று நடேஷ் அழுகிற குரலில் சொன்னான்.

"நீ சும்மா இருடா!"

"பையன ஏன் மெரட்டற சார்லஸ்? போன வருஷம் மாதிரி ஆட்டம் காட்டலாம்னு பாக்கறியா?"

"யாரு சார் ஆட்டம் காட்டறது? குடைய நட்டது நானா?"

விசில் அடித்தது. டவுன் பஸ்ஸை நடுரோட்டில் நிறுத்துகிற விசில். இரண்டு பேரும் வாயை மூடினோம்.

வெண்மதி எங்கள் முன்னால் நின்றாள்.  "இன்டைரக்ட்தான் குடுத்தேன். கை தூக்கி வெக்காதது என் தப்பு. ரெஃப்ரி கை தூக்காம, பந்து நேரா கோலுக்குள்ள போனா, கோலும் இல்ல, கோல் கிக்கும் இல்ல. அதே கிக்க திரும்ப எடுக்கணும்."

"அப்படி எவன் சொன்னான்?" என்று கத்தினேன்.

"நீங்க சார். ஜூலை எட்டாந் தேதி. நோட்டுல இருக்கு."

எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. மழை வருகிறதென்று அவசரமாக வகுப்பை முடித்த நாள். போகிற போக்கில் சொன்ன ஒரு வரி. சரியான வரி. ஆனாலும் வாய் அடங்குமா? அடுத்த வார்த்தைக்கு வாயைத் திறந்தேன்.

"சார், ரெண்டு பேரும் எறங்குங்க," என்றாள் வெண்மதி.

"எங்கம்மா எறங்கறது?" என்றார் பஞ்சநாதம் சார், திகைத்துப்போய்.

"மைதானத்த விட்டு. கேட்டுக்கு வெளிய. ஹவுஸ் மாஸ்டருக்கு கார்டு கெடையாது சார், அதனால காட்டல. வெளிய அனுப்பத்தான் முடியும். போங்க சார்."

படிக்கட்டில் தொங்குகிறவனை அவள் அப்பா எப்படி இறக்கிவிடுவாரோ, அதே குரல். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. பதினேழு வருஷ சர்வீஸ்! நான் வாங்கித் தந்த விசில், என் ஜெர்சி! திரும்பினேன், மேடையில் ஹெட்மாஸ்டர் எழுந்து நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கை பீரோ சாவி இருக்கும் சட்டைப் பையில் இருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இன்னும் ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தையை நான் பேசினால் இந்தப் பெண்ணின் கையிலிருந்து விசில் போய்விடும். பிடுங்குவது ஹெட்மாஸ்டராக இருக்கலாம், பிடுங்க வைத்தது நானாக இருப்பேன்.

வாயை மூடிக்கொண்டு நடந்தேன். ஆயிரம் பிள்ளைகள் பார்க்க நடந்தேன். அவமானத்தில் காது இரண்டும் எரிந்தது. போகிற வழியில் மேடைக்குப் பக்கத்தில் அட்டெண்டர் பொன்னுரங்கம் மைக் செட் முன்னால் உட்கார்ந்திருந்தார். நான் குனிந்து மைக் ஒயரைப் பிடுங்கி என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

"மாஸ்டர், அது..." என்றார்.

"அய்யாவுக்குத் தொண்டை கட்டிடும். ரெஸ்ட் எடுக்கட்டும்," என்றேன்.

கேட்டுக்கு எதிரே லோகநாயகி அம்மாளின் பஜ்ஜிக் கடை. அதற்குப் பக்கத்தில், புது வகுப்பறை கட்ட இறக்கிய செங்கல் குவியல். அதில் ஏறினால் காம்பவுண்டு சுவருக்கு மேலே தலை தெரியும். ஏறினேன். பின்னாலேயே பஞ்சநாதம் சாரும் வந்து, ஏற முடியாமல் குடையை நீட்டினார். பிடித்துத் தூக்கிவிட்டேன். ஒரே செங்கல் குவியல் மேல் இரண்டு பேரும் நின்றோம்.

அங்கிருந்து மைதானம் தெரியவில்லை. வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளின் முதுகும், கோல் போஸ்டின் மேல் கட்டையும்தான் தெரிந்தன. அப்புறம், எல்லாத் தலைக்கும் மேலே ஒரு கறுப்புக் கை எழுந்தது. பெரிய ஜெர்சியின் கை மடிப்பு நழுவி முழங்கைக்கு வந்தது. கை அப்படியே நின்றது.

மேடையில் ஹெட்மாஸ்டர் மைக்கைத் தட்டித் தட்டிப் பார்ப்பது தெரிந்தது.

அந்த நொடியில்தான் எனக்குச் சுரீர் என்றது. சேரன்! கை தூக்கினால் என்ன அர்த்தம் என்று அவனுக்குத் தெரியுமா? யார் சொல்லிக் கொடுத்தது? எட்டுப் பேருக்கு இரண்டு மாதம் தொண்டை கிழியக் கத்தினேன், என் ஹவுஸ் பையனுக்கு ஒரு வார்த்தை சொன்னேனா? பக்கத்தில் இருக்கிறவனுக்குத் தட்டிவிடு, அவன் அடிக்கட்டும். ஐந்தே ஐந்து வார்த்தை. இங்கிருந்து கத்தினால் கேட்கும். என் குரல் அண்ணாமலை நகர் வரைக்கும் கேட்கும்.

வாயைத் திறந்தேன். பஞ்சநாதம் சார் என்னைப் பார்த்தார்.  வெளியே அனுப்பப்பட்டவன் வெளியேயிருந்து கத்தினால் அதுவும் சண்டைதான். நான் கீழே கையை நீட்டினேன். "யம்மா, ஒரு பஜ்ஜி குடு!" லோகநாயகி அம்மாள் எண்ணெய் வடியக்கூட விடாமல் எடுத்துக் கொடுத்தாள். சுடச்சுட அதை அப்படியே வாயில் அடைத்துக்கொண்டேன். கண்ணில் தண்ணீர் வந்தது. அது பஜ்ஜிச் சூட்டால்தான் என்று அன்று சாயங்காலம் வரை சொல்லிக்கொண்டிருந்தேன்.

டப் என்று சத்தம். பந்து தலைகளுக்கு மேலே எழும்பி, அதே மேல் மூலையில், அதே மாதிரி நுழைந்தது. நடேஷின் இரண்டு கையும் தெரிந்தன. கொதிக்கிற பாத்திரத்தைத் தொடப் போனவன் இழுத்துக்கொள்வதுபோலக் கையை வெடுக்கென்று பின்னால் இழுத்துக்கொண்டான். தொடவில்லை, விரல் பட்டிருந்தால் கோல் ஆகியிருக்கும். படித்த பையன்! நெய்தல் பிள்ளைகள் ஓவென்று கத்தி, சட்டையைக் கழற்றிச் சுழற்றினார்கள். சேரன் பெயர் ஊருக்கே கேட்டது.

அந்தக் கூச்சலுக்கு நடுவில் அந்தக் கை அசையவில்லை. பந்து வலைக்குள் விழுந்து அடங்கும்வரை தலைக்கு மேலேயே நின்றது. பிறகு நிதானமாக இறங்கி, கோல் கிக் அடிக்கும் இடத்தைக் காட்டியது. கத்தல் மெல்ல மெல்ல அடங்கியது. யாரும் சண்டைக்குப் போகவில்லை. சண்டைக்குப் போகக்கூடிய இரண்டு பேரும் செங்கல் மேல் நின்றுகொண்டிருந்தோம்.

கொஞ்ச நேரத்தில் கடைசி விசில் கேட்டது. பூஜ்யம் பூஜ்யம். கேடயம் மருதத்துக்கே.

பஞ்சநாதம் சார் சந்தோஷத்தில் குதிப்பார் என்று நினைத்தேன். அவர் குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு, "ரெண்டு தடவையும் ஒரே மூலையில அடிச்சான்யா ஒன் பையன். அவனுக்கு நீ சொல்லித் தரலியா?" என்று கேட்டார்.

வாயில் பஜ்ஜி இருந்தது. இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

கேட் திறந்து வெண்மதி வந்தாள். ஜெர்சி முழுக்க வியர்வை. எங்களைச் செங்கல் மேல் பார்த்ததும் அவள் முகத்தில் ரெஃப்ரி போய், பதினொன்றாம் வகுப்புப் பெண் வந்துவிட்டாள்.

"சார்... தப்பா நெனச்சுக்காதீங்க சார். ஹெச்.எம். விசில பீரோல வெக்கலியாம். அடுத்த வருஷமும் நானே வெச்சுக்கலாமாம்." கொஞ்சம் தயங்கிவிட்டு, "ஆனா மைக் ஒயர் எங்கன்னு கேக்கறாரு," என்றாள்.

சட்டைப் பையிலிருந்து ஒயரை எடுத்துக் கொடுத்தேன். அவள் வாங்கிக்கொண்டு கேட் வரை போய்த் திரும்பிப் பார்த்தாள்.

"சார், இப்ப நீங்க உள்ள வரலாம்," என்றாள்.

நாங்கள் இருவரும் இறங்கினோம்.